கத்தாரில் ஒப்பந்த வேலையா, ஈசூனில் அப்பா அம்மாவுடன் இருந்தபடி குறைந்த சம்பளமா?

ஈசூன்வாசி
11 மே 2025, இரவு 10:40

எனக்கு 42 வயது. வெல்டிங், குழாய் வேலைகளைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர். ஏப்ரலோடு பழைய வேலை முடிந்தது. இப்போது கையில் இரண்டு வாய்ப்பு. ஒன்று கத்தாரில், ராஸ் லஃபான் எரிவாயு விரிவாக்கப் பணி. ஆள்சேர்ப்பு நிறுவனம் வழியாக ஓராண்டு ஒப்பந்தம், நாளுக்கு 340 அமெரிக்க டாலர். 56 நாள் வேலை, 28 நாள் வீடு. மற்றது இங்கே சிங்கப்பூரில், செம்பவாங் பக்கம் ஒரு பட்டறை. மாதம் 5,800 வெள்ளி, பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் உண்டு.

அம்மாவுக்கு 73 வயது. போன நவம்பரிலிருந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அப்பாவுக்கு 78, நல்ல தெம்பாக இருக்கிறார். அவர்தான் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து நிலையத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் வருகிறார். நான், மனைவி, தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் மகள் எல்லாரும் அவர்களோடு ஒரே வீட்டில்தான்.

340 டாலரை 30 நாளால் பெருக்கினால் மாதம் 13,000 வெள்ளிக்கு மேல் வருகிறது. ஓராண்டு பல்லைக் கடித்துக்கொண்டு போய் வந்துவிடலாமா? ஜூன் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கடல்மேடை
11 மே 2025, இரவு 11:05

போய் வாருங்கள் தம்பி. நான் 14 வருடம் கடல் மேடைகளில் சுழற்சி வேலை பார்த்தவன். ஒன்று சொல்கிறேன், யாரும் இதை யோசிப்பதில்லை. உள்ளூர் வேலையில் காலை 6 மணிக்குக் கிளம்பி இரவு 7 மணிக்கு வீட்டுக்கு வருவீர்கள். அம்மா முகத்தைப் பார்ப்பது ஒரு மணி நேரம். சுழற்சியில் 28 நாளும் முழுசாக அவர்களோடு இருக்கலாம். என் தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனது, கண் அறுவைச் சிகிச்சைக்குக் கூட இருந்தது எல்லாம் நான்தான். இங்கேயே வேலை பார்த்த என் தம்பிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

மன்னை_காற்று
12 மே 2025, காலை 7:20

அண்ணே, சிங்கப்பூர் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊரில் போய் என்ன செய்வீர்கள்? நான் எஸ் பாஸ் வேலை அனுமதியில் ஏழு வருடமாக இங்கே இருக்கிறேன். அப்பா அம்மா மன்னார்குடியில். பணம் அனுப்பினால்தான் மருந்து மாத்திரையே நடக்கிறது. ஊரில் 25,000 ரூபாய்க்கு வேலை பார்த்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் பிரயோசனமில்லை.

ஈசூன்வாசி
12 மே 2025, காலை 9:15

தம்பி, எனக்கு ஊரே ஈசூன்தான். அப்பா அம்மா இங்கேதான் இருக்கிறார்கள். வெளிநாடு என்று நான் சொன்னது கத்தாரை. ஆனாலும் உங்கள் கதை வேண்டும், எழுதுங்கள். நீங்கள் ஏற்கெனவே தூரத்தில் இருப்பவர்.

கடல்மேடை அண்ணே, நீங்கள் சொன்ன 28 நாள் கணக்குதான் என் மனத்திலும் ஓடுகிறது.

தோபாயோ_கணக்கு
12 மே 2025, காலை 11:50

விசாக தின விடுமுறை, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முதலில் ஒரு கேள்வி. வீட்டில் இருக்கும் 28 நாளுக்கும் சம்பளம் உண்டா? ஒப்பந்தத்தைப் பாருங்கள். எனக்குத் தெரிந்து, நாள் கூலி என்றால் தளத்தில் நிற்கும் நாளுக்குத்தான் காசு.

அப்புறம் கத்தாரில் முதலாளி கையெழுத்திட்ட வெளியேறும் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வர முடியாது. அவசரம் என்றால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஈசூன்வாசி
12 மே 2025, இரவு 8:30

ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படித்தேன். கணக்கு சொன்னது சரி. வேலை செய்த நாளுக்கு மட்டும்தான் சம்பளம். நான் 30ஆல் பெருக்கியதே தப்பு.

மூன்றில் இரண்டு பங்கு நாள்தான் வேலை என்றால் வருடத்துக்கு 243 நாள். 243 × 340 = 82,620 அமெரிக்க டாலர். இன்றைய 1.30 விலையில் 1,07,400 வெள்ளி வரும். செம்பவாங் வேலையில் 5,800 × 13 = 75,400. அதற்கு மேல் முதலாளி போடும் மத்திய சேமநிதி 17 விழுக்காடு, அதாவது 12,818. மொத்தம் 88,200 சொச்சம். கத்தார் வேலைக்குச் சேமநிதியே கிடையாது.

வித்தியாசம் ஆண்டுக்கு 19,000 வெள்ளி, மாதம் 1,600. இங்கே வருமான வரி கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தேன். பெற்றோர் வரிக்கழிவெல்லாம் போக அது ஆயிரம் வெள்ளிக்குள்தான் வருகிறது, பெரிய மாற்றமில்லை. இரண்டு மடங்கு என்று நினைத்துக்கொண்டு வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

கடல்மேடை
12 மே 2025, இரவு 9:10

வெளியேறும் அனுமதி பழைய கதை. 2018லேயே பெரும்பாலானவர்களுக்கு அதை எடுத்துவிட்டார்கள். 2020ல் வீட்டு வேலையாட்களுக்கும் எடுத்தார்கள். நான் அங்கே இருந்த காலத்தில் இருந்தது உண்மைதான். இப்போது கிளம்ப விடாமல் நிறுத்துவது அரசாங்கம் இல்லை, தளம். உங்கள் இடத்துக்கு மாற்று ஆள் வரும் வரை மேலாளர் விடமாட்டார். விட்டாலும், திரும்பி வரும்போது அந்த இடம் உங்களுக்காகக் காத்திருக்குமா என்பதுதான் கேள்வி. அவசர விடுப்பு விதி என்ன என்று பாருங்கள்.

ஈசூன்வாசி
12 மே 2025, இரவு 9:45

பார்த்தேன். பெற்றோர், மனைவி, பிள்ளை இறந்தால் ஏழு நாள், சம்பளம் இல்லை, ஒரு டிக்கெட் அவர்கள் தருவார்கள். நோய்க்கு ஒரு வார்த்தைகூட இல்லை. சுழற்சிக்கு நடுவே வேறு காரணத்துக்காக வந்தால் டிக்கெட் என் செலவு. அவர்கள் ஒப்பந்தத்தை முறிக்க 7 நாள் அறிவிப்பு போதும், நான் முறிக்க 30 நாள்.

அம்மா இறந்தால் வரலாம், மூச்சுத் திணறினால் வர முடியாது. இதைப் படித்த பிறகு இன்று வேறு எதுவும் எழுத முடியவில்லை.

பழைய_தாதி
14 மே 2025, பிற்பகல் 3:20

30 வருடம் மருத்துவமனை வார்டில் தாதியாக இருந்தேன், அதில் ஏழு வருடம் டயாலிசிஸ். நீங்கள் எல்லாரும் அம்மாவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் அப்பாவைப் பற்றிக் கேட்கிறேன்.

டயாலிசிஸ் செய்யும் அம்மாவை நிலையத்திலாவது வாரம் மூன்று நாள் யாராவது பார்க்கிறார்கள். எடை, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை எல்லாம் நடக்கிறது. 78 வயதில் சக்கர நாற்காலி தள்ளுகிறவரை யார் பார்க்கிறார்கள்? நான் பார்த்த வீடுகள் பலவற்றில் முதலில் விழுந்தது நோயாளி இல்லை, பார்த்துக்கொண்டவர். அவர் விழுந்த அன்றைக்கே நோயாளியின் டயாலிசிஸும் தவறும். ஒரு தடவை தவறினாலே உடம்பில் நீர் ஏறிவிடும். படுத்தால் மூச்சு முட்டும். இரவு இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ்.

தம்பி, 56 நாள் என்றால் 24 டயாலிசிஸ். அந்த 24 முறையும் யார் கூட்டிப் போவார், அவருக்கு முடியாவிட்டால் அடுத்து யார் என்று பெயர் எழுதுங்கள். நாற்காலி தள்ளுவது மட்டுமில்லை. சிகிச்சை நான்கு மணி நேரம். முடிந்து எழும்போது அழுத்தம் இறங்கி இருக்கும், தலை சுற்றும். லிஃப்டிலிருந்து வீட்டு வாசலுக்குப் போவதற்குள் விழுந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. உங்களுக்கு இப்போது வேலை இல்லை, வீட்டில்தான் இருக்கிறீர்கள். ஒரு வாரம் அப்பாவோடு கூடவே போங்கள். உதவி செய்யாதீர்கள், சும்மா பாருங்கள். மாத்திரைப் பெட்டி, நிலையத்தில் எழுதும் எடை, கடிதப் பெட்டி. இந்த மூன்றையும் பாருங்கள்.

செங்காங்_மருமகள்
14 மே 2025, இரவு 10:15

தாதி அக்கா கேட்ட பெயர் யாருடையது என்று எனக்குத் தெரியும். இந்த இழையில் உங்கள் மனைவி எங்கே? முதல் பதிவில் ஒரே ஒரு சொல்லாக வருகிறார்.

என் கணவர் அபுதாபியில் மூன்று வருடம் இருந்தார். போகும்போது 'அம்மாவுக்கு ஒன்றும் வேலை இல்லை, சும்மா கவனித்துக்கொள்' என்றார். மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது இரண்டாவது மாதத்தில். நான் பகுதி நேர வேலைக்கு மாறினேன், அப்புறம் வேலையையே விட்டேன். அவர் அதிகம் சம்பாதித்ததில் என் சம்பளம் போனதைக் கழித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இப்போதும் அவர் குடும்பத்தில் அந்த மூன்று வருடத்தை 'அவன் தியாகம் செய்தான்' என்றுதான் சொல்வார்கள்.

ஈசூன்வாசி
15 மே 2025, இரவு 11:30

மனைவியிடம் கேட்டேன். அவள் பாலர்பள்ளி ஆசிரியர், காலை 7 முதல் மாலை 5 வரை வேலை. நீங்கள் எழுதியதை அவளிடமே காட்டினேன். படித்துவிட்டு, 'மாட்டேன் என்று நான் சொல்லப்போவதில்லை, கேட்டிருக்கலாம்' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

தோபாயோ_கணக்கு
16 மே 2025, காலை 10:05

அதற்குத்தானே இல்லப் பணிப்பெண் இருக்கிறார்! வீட்டில் முதியவர் இருந்தால் பணிப்பெண்ணுக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் மாதத் தீர்வையே கிடையாது. நீண்டகாலப் பராமரிப்புக் காப்புறுதியான கேர்ஷீல்ட் லைஃபில் மாதம் 600க்கு மேல் வரும், இல்லப் பராமரிப்பு மானியம் 400 வரும். கிட்டத்தட்டச் செலவே இல்லை. கவலைப்படாமல் போய் வாருங்கள்.

பழைய_தாதி
16 மே 2025, பிற்பகல் 1:40

கணக்கு, பாதி சரி. 67 வயதானவர் அதே முகவரியில் இருந்தால் தீர்வை 300லிருந்து 60 வெள்ளியாகக் குறையும், பூஜ்யமாகாது. கேர்ஷீல்ட் தானாக வருவது 1980லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு. இந்த அம்மாவுக்கு இருந்தால் பழைய எல்டர்ஷீல்ட் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிவறை, நடமாடுவது, படுக்கையிலிருந்து எழுவது என்ற ஆறில் மூன்றுக்கு இன்னொருவர் கை வேண்டும் என்று மதிப்பீடு செய்தால்தான் பணம். பராமரிப்பு மானியத்துக்கும் அதே மூன்றுதான். டயாலிசிஸ் செய்கிறார் என்பதற்காகக் கிடைக்காது. அம்மா தானே சாப்பிட்டு, தானே உடுத்திக்கொள்கிறார் என்றால் இப்போதைக்கு இரண்டும் இல்லை என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பணிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்லவர் கிடைத்தால் பெரிய உதவி. ஆனால் அவருக்கும் ஓய்வு நாள் உண்டு. முதல் இரண்டு மூன்று மாதம் வீட்டைப் பழக்க ஒருவர் கூட இருக்க வேண்டும். டயாலிசிஸ் கையில் அழுத்தம் பார்க்கக் கூடாது, அந்தக் கையில் பை மாட்டக் கூடாது, எவ்வளவு தண்ணீர், எந்தக் காய் என்பதெல்லாம் ஒரு நாளில் வராது.

ஈசூன்வாசி
16 மே 2025, இரவு 9:00

பணிப்பெண் சம்பளம், 60 வெள்ளி தீர்வை, காப்புறுதி, சாப்பாடு என்று முகவரிடம் விசாரித்துப் போட்டால் மாதம் 1,100 வருகிறது. வித்தியாசம் 1,600 என்றேன், இப்போது அது 500.

மன்னை_காற்று
18 மே 2025, மாலை 6:30

அண்ணே, முதலில் கேள்வியைத் தப்பாகப் படித்துவிட்டேன், மன்னிக்கவும். என் கதையைக் கேட்டீர்கள்.

2023ல் அப்பாவுக்குப் பக்கவாதம். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் நாலரை மணி நேரம்தான். பக்கத்து ஊர் மாதிரி என்று நானே பெருமையாகச் சொல்வேன். ஆனால் தகவல் வந்தது இரவு 11 மணிக்கு. காலையில் மேலாளரைப் பார்த்து விடுப்பு வாங்கினேன். அன்றைய விமானத்தில் இடமில்லை, மறுநாள் அதிகாலைதான் கிடைத்தது. திருச்சியிலிருந்து கார் பிடித்து தஞ்சாவூர் மருத்துவமனை போய்ச் சேர 36 மணி நேரம் ஆனது. மூளையில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். அந்த நேரத்துக்குள் கொண்டுபோக வீட்டில் அம்மா மட்டும்தான் இருந்தார். அண்ணன் கும்பகோணத்தில். அவர் வரட்டும் என்று அம்மா காத்திருந்தார்.

அப்பா இருக்கிறார், வலது கை வராது. அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். நான் மாதம் 40,000 ரூபாய் அனுப்புகிறேன். இரண்டு பேரும் இப்போது சரியாகப் பேசிக்கொள்வதில்லை. 'காசு அனுப்பிவிட்டால் முடிந்ததா' என்பார் அண்ணன். 'காசு இல்லாமல் எப்படிப் பார்ப்பாய்' என்று நானும் ஒரு தடவை கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் இப்போதும் என்னால் இந்த வேலையை விட முடியாது. தங்கை கல்யாணக் கடன் இன்னும் இருக்கிறது.

பழைய_தாதி
18 மே 2025, இரவு 8:50

தம்பி, ஆம்புலன்ஸுக்கு யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று அம்மாவுக்குச் சொல்லி வையுங்கள். ஊரில் 108. வாய் கோணுவது, கை தொங்குவது, பேச்சுக் குழறுவது, இந்த மூன்றில் ஒன்று வந்தாலும் உடனே கூப்பிட வேண்டும். உங்களைக் கேட்ட பிறகு இல்லை.

ஈசூன்வாசி
25 மே 2025, இரவு 11:55

தாதி அக்கா சொன்னபடி ஒரு வாரம் கூடவே போனேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை. அப்பா கிளம்பும்போது பேச்சு, நடை எல்லாம் சுறுசுறுப்பு. நிலையம் இருப்பது எங்கள் வீட்டிலிருந்து நான்கு புளோக் தள்ளி, தரைத் தளத்தில். ஆறு மாதமாக வாரம் மூன்று முறை போன வழி. இரண்டாவது புளோக்கில் இடப்பக்கம் திரும்பினார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் நாற்காலியிலிருந்தபடி, 'இந்தப் பக்கம் இல்லை, நேரே' என்றார். அப்பா நேரே போனார். இருவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. முதல் தடவையாக இருந்தால் அம்மா ஏதாவது சொல்லியிருப்பார்.

எடை. போன சிகிச்சைக்கும் இதற்கும் நடுவே 3.4 கிலோ ஏறியிருந்தது. தாதி முகம் சுளித்தார், இது மூன்று வாரமாக இப்படித்தான் என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தால், அம்மாவுக்குத் தாகம் என்று அப்பா இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், கொடுக்கவே கூடாது என்று டிசம்பரில் அவருக்குத்தான் உணவியல் நிபுணர் சொல்லி அனுப்பினார். நானும் அப்போது உடன் இருந்தேன். அப்பா அன்று தலையாட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அவருக்கு நினைவில்லை.

மாத்திரைப் பெட்டியில் திங்கள், வியாழன் அறைகள் தொடப்படவில்லை. மின்சார, தண்ணீர்க் கட்டணம் இரண்டு மாதமாகக் கட்டவில்லை. கடிதங்கள் பழைய செய்தித்தாளுக்கு அடியில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, பிரிக்காமல்.

இது எல்லாம் நான் ஒரே வீட்டில் இருந்துகொண்டே பார்க்காதது. தொலைபேசியில் கேட்டிருந்தால் 'எல்லாம் நன்றாக இருக்கிறது' என்றுதான் அப்பா சொல்லியிருப்பார். பொய்யும் சொல்லியிருக்க மாட்டார்.

கடல்மேடை
26 மே 2025, காலை 6:15

தம்பி, நான் முதலில் எழுதியதை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். என் தாயாருக்கு வயது ஆனதே தவிர, கூடவே என் தம்பி குடும்பம் இருந்தது. 28 நாளை எண்ணிய நான் மீதி 56 நாளை எண்ணவில்லை. இப்போது நினைத்தால் அந்த நாட்களில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

பழைய_தாதி
26 மே 2025, காலை 9:30

நல்ல வேலை செய்தீர்கள். வரிசையாகச் சொல்கிறேன். முதலில் அப்பாவைப் பலதுறை மருந்தகத்துக்குக் கூட்டிப் போய் மறதியைச் சொல்லுங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, மன அழுத்தம் இவற்றாலும் மறதி வரும். முதுமை மறதி என்று நீங்களாக முடிவு கட்ட வேண்டாம். தேவைப்பட்டால் அவர்களே நினைவாற்றல் மருந்தகத்துக்கு எழுதித் தருவார்கள்.

அதற்குக் காத்திராமல் இன்னொன்று. அப்பா, அம்மா இருவரும் எல்பிஏ போட்டுவிட வேண்டும். தங்களால் முடிவெடுக்க முடியாமல் போனால் யார் தங்களுக்காக முடிவெடுப்பது என்று அவர்களே எழுதி வைக்கும் பத்திரம். அதை அவர்களுக்குப் புரியும் காலத்தில்தான் போட முடியும். மறதி முற்றிய பிறகு நீங்கள் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அந்த அதிகாரத்தைக் கேட்க வேண்டும். அது வழக்கறிஞர் செலவு, மாதக்கணக்கில் காலம்.

தோபாயோ_கணக்கு
26 மே 2025, காலை 10:00

கூட்டு வங்கிக் கணக்கு இருந்தால் போதாதா? என் அப்பாவுக்கு அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பழைய_தாதி
26 மே 2025, காலை 10:20

அந்தக் கணக்கில் இருக்கும் காசுக்குப் போதும். அப்பா பெயரில் உள்ள வீட்டுக்கும், அவருடைய மற்றக் கணக்குகளுக்கும், அவர் எங்கே தங்கிச் சிகிச்சை பெறுவது என்பதற்கும் போதாது. நீங்களும் அப்பாவை எல்பிஏ போடச் சொல்லுங்கள், கணக்கு.

ஈசூன்வாசி
8 ஜூன் 2025, பிற்பகல் 2:10

ஆள்சேர்ப்பு நிறுவனத்திடம் 28 நாள் வேலை, 28 நாள் வீடு என்று மாற்றிக் கேட்டேன், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்றேன். தளத்தில் எல்லாருக்கும் ஒரே சுழற்சி என்று சொல்லிவிட்டார்கள். நோய்க்கான அவசர விடுப்பைச் சேர்க்கக் கேட்டேன். 'அப்போது பார்த்துக்கொள்ளலாம் சார்' என்றார் அந்தப் பையன். எழுதித் தரச் சொன்னேன், பதில் வரவில்லை.

டாலரும் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஜனவரியில் 1.36 பக்கம் இருந்தது, இப்போது 1.29க்கு வந்துவிட்டது. அந்த 500ம் சுருங்குகிறது.

அக்காவிடம் பேசினேன், பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவில், ஜொகூரில் இருக்கிறாள். மாதம் இரண்டு சனிக்கிழமை வருகிறேன் என்றாள். முதல் சனிக்கிழமை பாலத்தில் நெரிசல் என்று வரவில்லை. அவள் மேல் கோபம் இருக்கிறது. அதை இங்கே எழுதுவதோடு விடுகிறேன்.

செங்காங்_மருமகள்
8 ஜூன் 2025, இரவு 9:40

அக்கா வருவாள் என்று வைத்து எதையும் திட்டமிடாதீர்கள். வந்தால் மகிழ்ச்சி. நேற்று ஹஜ்ஜுப் பெருநாள், அவள் வராததற்கு நெரிசலும் உண்மையான காரணமாக இருக்கலாம்.

ஈசூன்வாசி
24 ஜூன் 2025, காலை 8:05

நேற்று நள்ளிரவை ஒட்டி கத்தார் வான்வெளியை மூடிவிட்டார்கள். அங்குள்ள அமெரிக்கத் தளத்தின் மேல் ஏவுகணைத் தாக்குதல். சில மணி நேரத்தில் திறந்துவிட்டார்கள், தெரியும். ராஸ் லஃபானில் இருக்கும் பழைய நண்பன் பத்திரமாக இருக்கிறான், அவனோடு பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன். அவன் மனைவி செங்காங்கில் விடிய விடிய விழித்திருந்தாள். அவனுக்கும் இங்கே வயதான தாய் இருக்கிறார்.

கடல்மேடை
24 ஜூன் 2025, காலை 8:40

இதை வைத்து முடிவெடுக்காதீர்கள், இது அபூர்வம். டாலரும் அம்மா எடையும்தான் ஒவ்வொரு வாரமும் வருவது.

ஈசூன்வாசி
29 ஜூன் 2025, இரவு 10:20

செம்பவாங் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நாளை மறுநாள் தொடங்குகிறது.

சும்மா போடவில்லை. நேர்முகத்தில் ஒன்று கேட்டேன்: காலை 7 மணிக்கு வந்து 4 மணிக்குக் கிளம்பலாமா என்று. வெல்டிங் ஆய்வை வெயிலுக்கு முன் முடிப்பது அவர்களுக்கும் வசதிதான், ஒப்புக்கொண்டார்கள். டயாலிசிஸ் நிலையத்தில் மாலை நேரத்துக்கு மாற்றக் கேட்டிருக்கிறோம், காத்திருப்புப் பட்டியலில் இரண்டாவதாக இருக்கிறோம். கிடைத்தால் 5 மணிக்கு நான் கொண்டுபோய் விடலாம், 9 மணிக்கு மனைவியோ நானோ அழைத்து வரலாம். கிடைக்கும் வரை மருத்துவத் துணையோடு வரும் வண்டிக்கு, முதியோர் பராமரிப்புச் சேவைகளை ஒருங்கிணைக்கும் ஏஐசி வழியாக விண்ணப்பித்திருக்கிறேன். அதுவும் வரும்வரை பக்கத்து வீட்டு மலாய் ஆன்ட்டியின் மகன் வாரம் இரண்டு நாள் தள்ளிக்கொண்டு போகிறான். பாலிடெக்னிக் விடுமுறை முடிந்தால் அவனும் இல்லை.

வீட்டுக் கடனுக்கு இன்னும் 11 வருடம். கத்தார் போயிருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும், அது உண்மை. அதை நினைக்காமல் இருக்கிறேன் என்று சொல்லமாட்டேன்.

மன்னை_காற்று
30 ஜூன் 2025, காலை 7:00

வாழ்த்துகள் அண்ணே. அம்மாவிடம் 108 சொல்லிவிட்டேன். அட்டையில் பெரிதாக எழுதி அண்ணன் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறார். படம் எடுத்து அனுப்பினார். நான்கு மாதத்துக்குப் பிறகு அவரிடமிருந்து வந்த முதல் செய்தி அது.

ஈசூன்வாசி
6 ஜூலை 2025, இரவு 9:15

அப்பாவின் ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவாகத்தான் இருக்கிறது. ஊசி தொடங்கியாயிற்று. மறதி அதனால் மட்டும்தானா என்று நினைவாற்றல் மருந்தகத்தில் செப்டம்பரில்தான் தெரியும். அம்மாவின் எடை இந்த வாரம் 1.9 கிலோதான் ஏறியது. இளநீர்க் கடைக்காரரிடம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

எல்பிஏவைப் பற்றி அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று பத்து நாள் பயந்தேன். சொன்னதும், 'உன் அம்மாவுக்கு முதலில் போடு, எனக்கு என்ன' என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் என்றேன். செவ்வாய் மாலை ஐந்தரை மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அடையாள அட்டை வேண்டும் என்று சொன்னதிலிருந்து அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். சட்டை மாற்றும்போது அதையும் மாற்றி வைக்கிறார், நான் பார்த்தேன்.